மச்சானுக்கும் ஒரு தாள்

“சொந்தக்காரங்களுக்குள்ள எழுத்து எதுக்கு? எழுத்து வந்தா உறவு போயிடும்.”

இந்தப் பேச்சை நம்மூர்க் கடைகளில் கேட்காதவர்கள் இருக்க முடியாது. வீராம்பட்டினமாகட்டும், அரியாங்குப்பமாகட்டும், டவுனில் நேரு வீதியாகட்டும், தம்பி, மச்சான், அக்கா மகன் என்று மூன்று பேரும் சம்பளத்துக்கு நான்கு பேரும் சேர்ந்து நிற்கிற கடைகளில் இதுதான் வேதவாக்கு. இது பொய் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எழுதியதால் முறிந்த உறவுகளைவிட, எழுதாமல் விட்டதால் முறிந்த உறவுகளை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நம் முன்னோர்களுக்கும் இது தெரிந்திருந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்?

எதிர்க்கட்சியையும் விட்டுவைக்கப் போவதில்லை. மேல்படிப்பு முடித்துவிட்டுக் கடைக்கு வருகிற மகன்மார்கள் இருக்கிறார்களே, அவர்கள் செய்வது வேறு வகை அநியாயம். ஏதோ பெரிய கம்பெனியின் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு வருவார்கள். ஐந்து பக்கம். “தலைமைப் பண்பு, குழு மனப்பான்மை” என்றெல்லாம் கட்டம் போட்டிருக்கும். அதை மூட்டை தூக்குகிற பையன் கையிலும், பில் போடுகிற பெண் கையிலும் கொடுப்பார்கள். சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் கொடுக்க மாட்டார்கள். சம்பளக்காரனை மட்டும் அளக்கிற கோலுக்குப் பெயர் நிர்வாகம் அல்ல, பிரம்பு.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். கடையில் யாருக்கு என்ன வேலை என்று எழுதுவதானால், வேலை எப்படி நடந்தது என்று ஆண்டுக்கு இரண்டு முறை உட்கார்ந்து பார்ப்பதானால், முதல் தாள் மச்சானுக்கு. அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு. அந்தத் துணிவு இல்லாத முதலாளி எழுதவே வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு கடையை வைத்தே இதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், வாசிக்கிற சிலருக்குப் புரிந்தாலும் புரியாத மாதிரி இருந்துவிடுங்கள். வலை, நைலான் கயிறு, தங்கூசி, மிதவை, ஈயக்குண்டு, படகுக்கு அடிக்கிற பெயின்ட், இப்படிக் கடல் தொழிலுக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். முதலாளி, அவர் தம்பி, முதலாளி மனைவியின் தம்பி (இவர்தான் நம் கட்டுரையின் மச்சான்), அக்கா மகன் ஒருவன். சம்பளத்துக்கு நான்கு பேர். அதில் மூத்தவர் 19 வருடமாக அதே கடையில் இருந்தவர். எந்தக் கயிறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துக் கொடுப்பார்.

கடனுக்குக் கொடுக்காமல் இந்தத் தொழில் நடத்த முடியாது. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நிற்கிற அந்த இரண்டு மாதத்தில்தான் வலையைப் பிரித்துத் தைப்பதும், புதுக் கயிறு கோப்பதும், படகுக்குப் பெயின்ட் அடிப்பதும். அதாவது கையில் காசு இல்லாதபோதுதான் சரக்கு அதிகம் தேவைப்படும். கடன் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். கடலுக்குப் போய் மீன் பட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடையும். ஆகவே யார் கடன் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் இந்தக் கடையின் உயிர்நாடி. அது அங்கே எழுதப்படவில்லை. முதலாளி கொடுத்தார், தம்பி கொடுத்தார், மச்சான் கொடுத்தார், மூவரும் இல்லாதபோது பெரியவரும் கொடுத்தார். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்கிற கதையாக, மச்சான் தாராளமாகக் கொடுத்தார். சிலதை நோட்டில் எழுதினார், சிலதை வாயால் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வருடம் இருப்பு எடுத்தபோது கயிற்றில் பல சுருள் குறைந்தது. வந்த சரக்குக்கும் விற்ற பில்லுக்கும் கடன் நோட்டுக்கும் பொருந்தவில்லை. யார் தலையில் விழும்? அடுக்கு யார் பொறுப்போ அவர் தலையில். பெரியவரைக் கூப்பிட்டுக் குறைந்ததில் ஒரு பாகத்தைச் சம்பளத்தில் பிடிக்கப்போவதாகச் சொன்னார்கள். “மொதலாளி, கடன் நான் குடுக்கலியே. சின்னவரு குடுக்கச் சொன்னாரு, எடுத்துக் குடுத்தேன்” என்றார் அவர். மச்சான், “நானா? எனக்கு ஞாபகம் இல்லியே மாமா” என்றார். பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையிலேயே ஞாபகம் இல்லாமலிருக்கலாம். எழுதாத கடன் யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்? பெரியவர் அந்த மாதச் சம்பளத்தைக்கூட வாங்காமல் போய்விட்டார். இன்னொரு கடையில் சேர்ந்தார். அவரை நம்பி வந்துகொண்டிருந்த படகுக்காரர்களும் அவர் பின்னால் போனார்கள்.

இதற்கப்புறம்தான் முதலாளி என்னிடம் வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கத்தில் எழுத்தராகக் காகிதத்தோடு குடும்பம் நடத்தியவன் என்பதால் ஏதாவது ஒரு ஃபாரம் போட்டுத் தருவேன் என்று நினைத்தார். நான் ஃபாரம் தரவில்லை. ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். ஏழு நாளைக்கு ஒவ்வொருவரும், முதலாளி உட்பட, அன்றன்று தான் செய்த வேலையை எழுத வேண்டும். எழுத வராதவருக்குப் பில் போடுகிற பெண் எழுதித் தருவாள். தான் செய்ய வேண்டியது என்று நினைப்பதை அல்ல, செய்ததை மட்டும்.

எட்டாவது நாள் எல்லா நோட்டையும் பாயில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். இப்படிப் பார்க்கும்போது எந்தக் கடையிலும் மூன்று விஷயங்கள் வெளியே வரும். பலர் பெயரில் இருக்கிற வேலை, யார் பெயரிலும் இல்லாத வேலை, செய்கிறவர் ஒருவர் பெயர் வாங்குகிறவர் ஒருவர் என்கிற வேலை. இந்தக் கடையில் கடன் கொடுப்பது நான்கு நோட்டில் இருந்தது. லாரியில் வருகிற சரக்கைப் பில்லோடு ஒப்பிட்டு எடை பார்ப்பது ஒரு நோட்டிலும் இல்லை. வலையும் கயிறும் கிலோ கணக்கில் வருகிற சரக்கு. இறக்கும்போது எடை போடாவிட்டால், குறைந்தது வழியிலா, கடையிலா என்று எந்தத் தெய்வத்தாலும் சொல்ல முடியாது. பெரியவர் மேல் விழுந்த பழியில் பாதி இந்த ஓட்டையில் போயிருக்கலாம். காலையில் கடை திறப்பது மச்சான் பொறுப்பு என்று குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது. திறந்துகொண்டிருந்தது மூட்டை தூக்குகிற பையன்.

இன்னொன்றும் வந்தது. முதலாளியின் மனைவி தினமும் சாயந்திரம் ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நோட்டே கொடுக்கவில்லை. “அது வீட்டு ஆளு சார்” என்றார் முதலாளி. மாதம் 120 மணி நேரம் கல்லாவில் இருப்பவர் வீட்டு ஆள். மாதத்தில் பாதி நாள் காணாமல் போகிறவர் கடை ஆள்! அவருக்கும் ஒரு நோட்டு வாங்கினோம்.

மச்சானின் நோட்டில் ஏழு நாளும் ஒரே வார்த்தை: “மேற்பார்வை.” இந்த வார்த்தையின் மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு. குடும்பக் கடைகளில் உறவுக்காரர் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். எதை மேற்பார்த்தீர்கள், பார்த்து என்ன மாற்றினீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. மேற்பார்வை என்பது வேலையல்ல, நாற்காலி. ஒருவருடைய தாளில் இந்த வார்த்தை மட்டும் இருந்தால் அந்தத் தாள் பொய்த்தாள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அதன் பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினோம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. முதலில், எந்த வேலைக்கு இவர் பதில் சொல்ல வேண்டும் என்பது. ஒரு வேலைக்கு ஒரே பெயர். பலர் கைகொடுக்கலாம், பதில் சொல்பவர் ஒருவர்தான். இரண்டாவது, யாரையும் கேட்காமல் இவர் எதுவரை முடிவெடுக்கலாம் என்பது. மூன்றாவது, எதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது. நான்காவது, இவர் வராத நாளில் யார் பார்ப்பார் என்பது. கடைசியாகச் சம்பளம், விடுமுறை.

உயிர் இருப்பது இரண்டாவது வரியில்தான். மச்சானுக்கு எழுதியது இது: “பழைய பாக்கி இல்லாத படகுக்காரருக்கு ஒரு தடவைக்கு 3,000 ரூபாய் வரை கடன் கொடுக்கலாம். அதற்கு மேல் முதலாளியின் கையெழுத்து. எவ்வளவு சிறிய கடனானாலும் சரக்கு வாசலைத் தாண்டுமுன் நோட்டில் ஏற வேண்டும்; கொடுக்கச் சொன்னவர் கையெழுத்து போட வேண்டும்.” இந்தக் கடைசி வாக்கியம் அன்றே இருந்திருந்தால் பெரியவர் இன்றும் அந்தக் கடையில் இருந்திருப்பார். சம்பளக்காரர்களின் தாளில் இதற்கு இணையாக ஒரு வரி சேர்த்தோம்: “கையெழுத்து இல்லாமல் கடன் சரக்கை எடுத்துக் கொடுக்க மறுக்கலாம். கேட்பவர் யாராக இருந்தாலும்.” மச்சானின் அதிகாரத்துக்கு எல்லை போடுவதோடு நிறுத்தினால் போதாது. எல்லையைத் தாண்டும்போது “முடியாது” என்று சொல்கிற உரிமை எதிரில் நிற்பவனுக்கு இருக்க வேண்டும்.

“இதெல்லாம் வெள்ளைக்காரன் வழக்கம் சார், நமக்கு ஒத்து வராது” என்று ஒரு நண்பர் சொன்னார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் என்னைக் குத்துவதற்காகச் சொன்னது. அவருக்கு நான் சைகோன் கதையைச் சொன்னேன். நம் புதுச்சேரிக்காரர்கள் கச்சேரி உத்தியோகத்துக்கும் போலீஸ் வேலைக்கும் சைகோன் போன காலத்தில், அதே ஊரில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். பர்மா, மலாயா, இலங்கை எங்கும் அவர்கள்தான். பர்மாவில் மட்டும் 1930 வாக்கில் சுமார் 1,650 கடைகள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், கடை கடலுக்கு அந்தப் பக்கம். இடையில் நின்றவர்கள் பெரும்பாலும் சொந்தமும் சாதிக்காரர்களும்தான். அப்படியானால் எழுத்தில்லாமலா நடத்தினார்கள்?

முகவராகப் போகிறவருக்கு மூன்று வருடக் கணக்கு. அந்த மூன்று வருடத்துக்கும் சேர்த்துச் சம்பளம் பேசி, சம்பளச் சீட்டு எழுதுவார்கள். ஒரு பகுதி முன்பணம். கடையில் அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன் என்று படிகள். வசதியான வீட்டுப் பிள்ளையைக்கூட வேறொருவர் கடையில் பெட்டியடிப் பையனாக விட்டுத் தொழில் பழக்குவது அவர்கள் வழக்கம்; அப்பா கடையில் நேராகப் போய் நாற்காலியில் உட்கார முடியாது. அங்கிருந்து கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். தவணை முடிந்து திரும்பியதும் ஐந்தொகையை வைத்துக்கொண்டு மூன்று வருட வேலையைப் பார்ப்பார்கள். நன்றாக நடத்தியிருந்தால் சம்பளத்துக்கு மேல் லாபத்தில் வெகுமதி உண்டு. பொறுப்பை எழுதுவதும், தவணை வைத்து வேலையைப் பார்ப்பதும் இதில் இரண்டுமே இருக்கிறதா இல்லையா? அமெரிக்கப் புத்தகம் எதையும் படித்துவிட்டு அவர்கள் இதைச் செய்யவில்லை. சொந்தக்காரனை நம்பினார்கள், நம்பியதால்தான் எழுதினார்கள். எழுத்து என்பது அவநம்பிக்கை அல்ல. கடல் தாண்டிப் போனவனும் ஊரில் இருப்பவனும் ஒரே கணக்கைப் பார்ப்பதற்கான வழி.

அவர்களிடம் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பங்கு வேறு, சம்பளம் வேறு. கடையில் முதல் போட்டவனுக்குப் பங்கு. வேலை செய்தவனுக்குச் சம்பளம். இரண்டும் ஒருவரேயானாலும் இரண்டு கணக்கு. நம் கடைகளில் மச்சான் கல்லாவிலிருந்து கைச்செலவுக்கு எடுப்பது எந்தக் கணக்கு? சம்பளமா, பங்கா, அக்கா கொடுத்த சீரா? அவருக்கே தெரியாது. இதனால் அவருக்கும் நஷ்டம்தான். பத்து வருடம் உழைத்த பிறகு, “உனக்கு எவ்வளவு கொடுத்தோம் தெரியுமா?” என்று ஒருநாள் கேட்பார்கள், காட்டுவதற்கு அவரிடம் ஒரு காகிதம் இருக்காது. வருமான வரிக்காரர்களும் இதைக் கேட்கிறார்கள். கூட்டு வியாபாரத்தில் உழைக்கிற பங்காளிக்குக் கொடுக்கிற சம்பளத்தைச் செலவாகக் கழிக்க வேண்டுமென்றால், அது கூட்டுப் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். உறவுக்காரருக்குச் செய்த வேலைக்கு மீறிச் சம்பளம் கொடுத்ததாக அதிகாரிக்குத் தோன்றினால், மீறிய பகுதியைத் தள்ளிவிடலாம். என்ன வேலை செய்கிறார் என்று எழுதிய ஒரு பக்கம் அப்போது உதவும்.

இனி இரண்டாவது பாதி: வேலையை மதிப்பிடுவது. இங்கேதான் கடைகள் சறுக்குகின்றன. நான் உத்தியோகம் பார்த்த காலத்தில் இதை உள்ளிருந்து பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அரசாங்கத்தில் அப்போது இரகசியக் குறிப்பு என்று ஒன்று உண்டு. வருடா வருடம் மேலதிகாரி எழுதுவார். மோசம் என்று எழுதினால் மட்டும் நமக்குத் தெரிவிப்பார்கள். மற்றபடி என்ன எழுதினார் என்று பார்க்க முடியாது. இதன் விஷம் எங்கே இருந்தது என்பதை தேவ் தத் என்பவரின் வழக்கு காட்டியது. அவர் எல்லைச் சாலைப் பணியில் செயற்பொறியாளர். ஒரு வருடக் குறிப்பில் அவருக்கு “நன்று” என்று எழுதியிருந்தார்கள். நன்றுதானே என்று நினைப்பீர்கள். ஆனால் பதவி உயர்வுக்கு “மிக நன்று” வேண்டும். அந்த ஒரு “நன்று” அவர் உயர்வைத் தடுத்தது. அது அவருக்குச் சொல்லப்படவே இல்லை. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம், நல்லதோ கெட்டதோ எல்லாக் குறிப்பையும் சம்பந்தப்பட்டவருக்குக் காட்ட வேண்டும், அவர் மறுப்புச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த மே மாதம் மத்திய அரசும் அப்படியே உத்தரவு போட்டது. இரகசியம் என்ற பெயரே போயிற்று. இத்தனை பெரிய அரசாங்கத்துக்கே அவ்வளவு காலம் பிடித்தது. கடைக்காரர் அந்தப் பழைய தப்பை முதலிலிருந்து செய்ய வேண்டுமா? குடும்பக் கடையில் இரகசியக் குறிப்பு ஏற்கெனவே இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் முதலாளி வீட்டில் பேசிக்கொள்கிறார்களே, “அந்தப் பொண்ணு சரியில்ல” என்று, அதுதான். அதில் மச்சானும் உட்கார்ந்திருப்பார். அந்தப் பெண் இருக்க மாட்டாள். எழுதிக் காட்டுவதன் பலன், சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி நடக்கிற அந்த விசாரணையைப் பகலில் கடைக்குள் கொண்டுவருவதுதான்.

எப்படி எழுதுவது என்பதற்கு என் பள்ளிக்கூடம் ஒரு வழி காட்டியது. எங்கள் புல்த்தேனில் ஒவ்வொரு பாடத்துக்கும் 20க்கு ஒரு மதிப்பெண்ணும், பக்கத்தில் அந்தப் பாட ஆசிரியர் எழுதிய ஒரு வரியும் இருக்கும். கணக்கு வாத்தியார் கணக்கைப் பற்றி மட்டும் எழுதுவார். என் குணத்தைப் பற்றியோ என் அப்பாவைப் பற்றியோ எழுத மாட்டார். கடையிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். தாளில் எழுதிய வேலையைப் பற்றி மட்டும், அதைக் கண்ணால் பார்த்தவர் மட்டும். “பொறுப்பில்லாதவன்” என்று எழுதக்கூடாது. “ஆனி மாதம் மூன்று லாரிச் சரக்கு எடை பார்க்காமல் இறங்கியது” என்று எழுதலாம். முதல் வாக்கியத்துக்குச் சண்டைதான் பதில். இரண்டாவதுக்கு விளக்கம் சொல்லலாம், திருத்திக்கொள்ளலாம்.

சரி, மச்சானை யார் மதிப்பிடுவது? பெரிய கேள்வி இது. சம்பளக்காரர் எழுத முடியாது. எழுதினால் அடுத்த மாதம் இருக்க மாட்டார். முதலாளி எழுதினால் வீட்டுக்குள் அழுகை. அந்தக் கடையில் நாங்கள் செய்தது, மச்சான் விஷயத்தில் ஆளை விட்டுவிட்டு நோட்டைப் பேசவிட்டது. அவர் கையெழுத்தில் போன கடனில் மூன்று மாதத்துக்கு மேல் நிற்பது எவ்வளவு? வந்த சரக்கில் எத்தனை எடை போட்டு ஏறியது? எத்தனை நாள் கடையை அவர் திறந்தார்? மூன்றும் முன்கூட்டியே அவரிடம் சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட கேள்விகள். மாதம் ஒருமுறை கணக்கு எழுத வருகிறவர் இந்த மூன்று எண்ணையும் நோட்டிலிருந்து எடுத்து எழுதுவார். அவர் உறவும் இல்லை, கடை ஆளும் இல்லை. மாதா மாதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக நினைத்துப் பார்த்தால் போன வாரச் சண்டை மட்டும்தான் நினைவுக்கு வரும்.

உட்கார்ந்து பேசுவது வருடத்துக்கு இரண்டு முறை: பொங்கல் முடிந்து ஒன்று, செங்கழுநீர் அம்மன் தேர் முடிந்து ஒன்று. தடைக்காலத்தில் கூடாது, அப்போது கடையில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆளுக்கு அரை மணி நேரம். தாளை வாசித்துக் காட்டி, அவர் பதிலையும் அதன் கீழேயே எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து. ஒரு பிரதி அவர் கையில். முதல் வருடம் இதைச் சம்பள உயர்வோடு முடிச்சுப் போடவில்லை. போட்டிருந்தால் எல்லோரும் வேலையைப் பற்றிப் பேசாமல் ரூபாயைப் பற்றியே பேசியிருப்பார்கள்.

என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மச்சான் மூன்று மாதம் முதலாளியோடு பேசவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எழுத்து வந்தால் உறவு போகும்” கட்சிக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். முதல் ஆடியில் உட்கார்ந்தபோது அவருடைய கடன் கணக்கு மோசமாகத்தான் இருந்தது. ஆனால் சரக்கு எடை பார்க்கிற வேலையில் அவர் கெட்டிக்காரர் என்பது அதே தாளில் தெரிந்தது. இரண்டு தடவை எடை குறைந்ததைப் பிடித்துச் சரக்கு அனுப்பியவரிடம் கழித்து வாங்கியிருந்தார். கடன் கொடுக்கிற அதிகாரத்தை அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொள்முதல் முழுவதையும் எடுத்துக்கொண்டார். பத்து வருடமாக நாற்காலியில் இருந்தவருக்கு முதல் தடவையாகக் கடையில் தனக்கென்று ஒரு வேலை. முதலாளி மனைவிக்குக் கல்லாச் சம்பளம் என்று ஒரு தொகை அவர் பெயரில் வங்கியில் விழுகிறது. பெரியவர் மட்டும் திரும்பி வரவில்லை. முதலாளி வீடு தேடிப் போய்ச் சம்பளப் பாக்கியைக் கொடுத்தார். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இந்தத் தாளுக்கும் எல்லை உண்டு. அது திருடனைப் பிடிக்காது. சொத்துத் தகராறைத் தீர்க்காது. “என் தாளில் இல்லை” என்று சொல்லி மழையில் நனைகிற மூட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பவனும் கிளம்புவான். அதற்காக எல்லாத் தாளிலும் “கடையில் கூட்டமோ அவசரமோ வந்தால் எல்லோரும் எல்லாம்” என்று ஒரு வரி வேண்டும். கெட்டுப்போகிற அறிகுறிகளும் உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி நல்ல வார்த்தை எழுதியிருந்தால், யாரும் உண்மை எழுதவில்லை என்று அர்த்தம். ஒரு வருடத்தில் எந்தத் தாளிலும் ஒரு வரிகூட மாறாவிட்டால், யாரும் அதைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். உறவுக்காரர் தாள் மட்டும் முதலாளியின் அலமாரியில் பூட்டியிருந்தால், பழைய கடைதான் புதுப் பலகையோடு நடக்கிறது என்று அர்த்தம்.

எழுத்து வந்தால் உறவு போகும் என்பவர்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் கடையில் எழுத்து ஏற்கெனவே இருக்கிறது. சம்பளக்காரன் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் நோட்டில் ஏறுகிறது. முன்பணம் 500 ரூபாய் வாங்கினால் ஏறுகிறது. எழுதாமல் இருப்பது உங்கள் மச்சான் பக்கம் மட்டும்தான். அந்த வெற்றுப் பக்கத்துக்கு உறவு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அதற்கான விலையைச் சம்பளக்காரர் கொடுக்கிறார். அந்தக் கடையில் அதைக் கொடுத்தவர் 19 வருடம் அடுக்கைக் காத்தவர்.